"பிள்ளைக்குப் பைத்தியமா, சாமி?"
பெற்றோருக்கு ஒரு கடிதம்

சேசுநாதருக்குள் மிகவும் பிரியமான பெற்றோர்களே,

சென்ற வருஷம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய், திவ்விய பூசை முடிந்தபின் சக்ரீஸ்து வாசலில் நின்று கண்ணீர் வடித்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகனுக்குக் காலையில் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் வயிற்றுவலி வந்துவிடும். டாக்டரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தும் ஒன்றுமில்லை. இரவு இரண்டு மணி வரை விழித்துக் கிடக்கிறான், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான் என்று சொன்னாள். "ஜெபமாலை சொல்லுங்கள் அம்மா, ஏலாக்குறிச்சிக்கு ஒரு நேர்ச்சை செய்யுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜெபிக்கச் சொன்னதில் பிசகில்லை. அதோடு நிறுத்திக்கொண்டதே என் பிசகு. ஆறு வாரம் வீணாயிற்று. மறுபடி வந்தபோது, "கவுன்சலிங் போகலாம் அம்மா" என்றேன். உடனே அவள் கேட்டது: "என் பிள்ளைக்குப் பைத்தியமா, சாமி?"

அந்தத் தாய் வாய்விட்டுக் கேட்டாள். கேளாமல் மனதுக்குள் வைத்திருப்பவர்கள் உங்களில் எத்தனையோ பேர் உண்டு. ஆகையால் அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்பதைத் தாயின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றி, உங்களுக்கு எழுதுகிறேன்.

முதல் நாள் ஆலோசகர் தாயையும் மகனையும் சேர்த்து உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். கேள்வி பையனுக்கு, பதில் தாயிடமிருந்து என்றே போயிற்று. பின்பு தாயை வெளியே இருக்கச் சொல்லி, அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். மருந்து கொடுக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில், வலி வரும் நேரத்தையும் அதற்குச் சற்று முன் மனதில் ஓடிய நினைவையும் எழுதி வரச் சொன்னார்.

இரண்டாம் வாரம் நோட்டைப் பார்த்தால், வலி எல்லா நாளும் வரவில்லை. பரீட்சை நாட்களிலும், வளைகுடா நாட்டிலே வேலை செய்யும் தகப்பன் போனில் பேசிய மறுநாளிலுமே வந்திருந்தது. தகப்பன் வாஞ்சையுள்ளவர்தான், ஆனால் போனை எடுத்ததும் முதல் வார்த்தை, "எத்தனை மார்க்?" பையன் நோட்டில் எழுதியிருந்தது இதுதான்: "நான் பெயிலானால் அப்பாவின் கடன் தீராது. எல்லாம் என்னால்." பதினேழு வயதுப் பிள்ளை ஒரு குடும்பத்தின் கடனை வயிற்றிலே சுமந்திருக்கிறான்!

அடுத்த வாரங்களில் ஆலோசகர் அந்த நினைவை அவனோடு சேர்ந்து சோதித்தார். கடன் எப்போது வாங்கியது? அவன் படிப்புக்கு முந்தியே, வீடு கட்ட. ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் எது நிஜமாகவே கெடும், எது கெடாது? இப்படிக் கேட்டுக் கேட்டு அவனையே பதில் காணச் செய்தார். மூச்சை மெதுவாக இழுத்துவிடப் பழக்கினார். தகப்பனிடமும் போனில் பேசி, முதல் ஐந்து நிமிஷம் மார்க்கைப் பற்றிக் கேட்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வைத்தார். வாரம் ஒருமுறையாக எட்டு முறை போனான். இன்று வலி அடியோடு போய்விட்டதென்று சொல்லமாட்டேன். பரீட்சை நெருங்கினால் தலைகாட்டுகிறது; ஆனால் இப்போது அது என்னவென்று அவனுக்குத் தெரியும், அதோடேயே பள்ளிக்கூடம் போகிறான். இதிலே பைத்தியம் எங்கே இருக்கிறது?

"நம் குடும்பத்தில் இப்படிப் போனது பலவீனமல்லவா?" என்று சிலர் நினைக்கலாம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், தமக்கு 42 வயதாயிருந்தபோது, ஆறு மாத காலம் வாரம் ஒருமுறை, யூத குலத்தைச் சேர்ந்த ஒரு மனோதத்துவப் பெண் மருத்துவரிடம் போய்ப் பேசியதாகத் தாமே சொன்னார். அது 2017-ல் புத்தகமாக வெளிவந்தது. சில காரியங்களில் தெளிவு வேண்டியிருந்தது, அவர் மிகவும் உதவினார் என்றார். அதை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை.

"ஜெபம் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. ஏலாக்குறிச்சி வரலாற்றையே நினைத்துப் பாருங்கள். அரியலூர் மழவராயர் ராஜபிளவையால் வருந்தியபோது, வீரமாமுனிவர் அடைக்கல மாதாவை வேண்டிக்கொண்டதோடு, பச்சிலையும் மண்ணும் சேர்த்துப் புண்ணில் பூசினார் என்றே நம் முன்னோர் சொல்லி வருகிறார்கள். முழங்காலிலிருந்து ஜெபித்த அதே குரு மருந்தும் போட்டார். சீராக் ஆகமம் 38-ம் அதிகாரமும் இதையே போதிக்கிறது: வியாதியில் மன்றாடு, வைத்தியனுக்கும் இடங்கொடு, அவனையும் சர்வேசுரனே உண்டாக்கினார் என்பது அதன் கருத்து. பாவசங்கீர்த்தனத்தில் நாங்கள் பாவத்துக்கு மன்னிப்பு அளிக்கிறோம். அந்தப் பையனின் வயிற்றுவலி பாவமல்ல. அதற்கு வேறு செவி வேண்டியிருந்தது.

"வெளியே தெரிந்தால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா?" என்ற பயமும் எனக்குத் தெரியும். ஆலோசகர் கேட்டதை அக்கம்பக்கத்திலோ பள்ளியிலோ சொல்லக்கூடாது. அது அவர் தொழிலின் கடமை. உயிருக்கு ஆபத்து இருந்தாலோ, பிள்ளைக்கு யாராவது தகாத தீங்கு செய்திருந்தாலோ மாத்திரம் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்களும் பிள்ளை திரும்பி வந்ததும், "உள்ளே என்ன சொன்னாய்?" என்று குடையாதீர்கள். குடைந்தால் அடுத்த வாரம் அங்கேயும் வாய் திறக்கமாட்டான். ஒருமுறை போய்விட்டு, "ஒன்றும் பலனில்லை" என்று நிறுத்துவதும் தவறு. முதல் சந்திப்பில் அவர் உங்கள் பிள்ளையை அறிந்துகொள்ளவே நேரம் போதாது.

ஆலோசகரால் ஆகாததும் உண்டு. பிள்ளை யாருமில்லாதபோது குரல் கேட்கிறதென்று சொன்னாலோ, பல இரவுகள் தூக்கமே இல்லாதிருந்தாலோ, வாரக்கணக்கில் சாப்பாட்டையும் பேச்சையும் விட்டாலோ, மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்து தேவையா என்று தீர்மானிப்பவர் அவரே. "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்பதுபோல் பேசினால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். "சாகவேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனச்சுமையே இறங்கும். அவனைத் தனியே விடாதீர்கள். பருத்திக்கும் சோளத்துக்கும் வாங்கிய பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

போகுமிடம் தூரமில்லை. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு எதுவென்று கேட்டுப் போங்கள். இரவு நேரமானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசுவார்கள். தனியே போகக் கூச்சமாயிருந்தால் பங்கு வீட்டுக்கு வாருங்கள். நானும் கூட வருகிறேன். ஆறு வாரம் தாமதித்த கடன் எனக்கு உண்டு.

அந்தத் தாய்க்கு அன்று நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன்: "பைத்தியமில்லை அம்மா. சுமை கூடிவிட்டது, இறக்கிவைக்க ஒருவர் கைகொடுக்க வேண்டும்."

அடைக்கல மாதா உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றுவாளாக.

சேசுநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குருவானவர்