பெற்ற நாள்

செக் திரும்பினால் அனுப்பும் வக்கீல் நோட்டீஸ்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை அவ்வப்போது எனக்கு வரும். பணம் தர வேண்டியவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்றால், என் தமிழே நோட்டீஸாகப் போய்ச் சேரும். வேலையைக் கொடுத்தது கடன் கொடுத்தவர். படித்துப் பயப்படப்போவது கடன்பட்டவர். இதில் நான் யாருக்கு உண்மையாக இருப்பது?

ஒரு நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். நூல் வாங்கிய ஒரு சிறு தறிக்காரர் கொடுத்த 1,85,000 ரூபாய் செக், கணக்கில் பணம் போதாமல் திரும்பிவிட்டது. வியாபாரிக்கு பேங்கிலிருந்து தகவல் வந்தது மே 12. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள், அதாவது ஜூன் 11க்குள், அவர் எழுத்துமூலம் பணத்தைக் கோர வேண்டும். ஜூன் 2 தேதியிட்ட நோட்டீஸ் ஜூன் 6 அன்று தறிக்காரர் கையில் கிடைக்கிறது. பணம் கட்ட அவருக்கு 15 நாள்.

எந்த 15 நாள் என்பதில்தான் சிக்கல். சட்டம் சொல்வது நோட்டீஸைப் பெற்றதிலிருந்து. "இந்த அறிவிப்பு கண்ட 15 நாட்களுக்குள்" என்று எழுதினால் ஒருவர் பிரித்துப் பார்த்த நாளை எண்ணுவார், இன்னொருவர் தாளில் போட்டிருக்கும் தேதியை எண்ணுவார். தாளின் தேதியிலிருந்து எண்ணினால் கெடு ஜூன் 17. சட்டப்படி ஜூன் 21. நான்கு நாள் அவருக்குப் பறிபோகிறது. நாலு நாள்தானே என்று தோன்றலாம். சீட்டுப் பணம் வர வேண்டியவனுக்கு அது பெரிய விஷயம்.

"பெற்ற நாளிலிருந்து" என்று எழுதினாலும் ஓர் உறுத்தல் மிச்சமிருக்கும். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்தை இறந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுகிறோம். சட்டத்தின் எண்ணிக்கையில் முதல் நாள் சேராது. ஜூன் 7தான் ஒன்று. இதை நோட்டீஸுக்குள்ளேயே விளக்கிவிட எனக்குக் கை பரபரக்கும். ஆனால் மூலத்தில் இல்லாத வாக்கியத்தை நுழைப்பது என் வேலை இல்லை. வக்கீலிடம் தனியாகச் சொல்வேன்: "சார், முதல் நாள் சேராதுன்னு ஒரு வரி நீங்களே போட்டுட்டா நல்லது." போடுவதும் விடுவதும் அவர் முடிவு.

தொகையில் வேறு மாதிரி ஆபத்து. நோட்டீஸில் செக் தொகை 1,85,000, வட்டி 9,250, நோட்டீஸ் செலவு 5,000 என்று தனித்தனியாக இருக்கும். தமிழில் வாக்கியம் நீண்டு முறுக்கிக்கொள்வதால், "மொத்தம் 1,99,250 ரூபாயைச் செலுத்தவும்" என்று சுருக்கிவிடத் தோன்றும். படிக்கிறவருக்கும் எளிது. ஆனால் 138ஆம் பிரிவு கேட்கச் சொல்வது செக் தொகையை. சுமன் சேத்தி வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது: செக் தொகை தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் கூடுதலாகக் கேட்டவை நோட்டீஸைக் கெடுக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, செக் தொகை எதுவென்றே தெரியாமல் கேட்டால் நோட்டீஸ் நிற்காமல் போகலாம். ஆக, என் சுருக்கம் வியாபாரியின் வழக்கையே கவிழ்க்கக்கூடும். தறிக்காரருக்கும் அது நியாயம் இல்லை. செக் தொகையைக் கட்டினாலே 138இன்கீழ் வரும் குற்ற வழக்கிலிருந்து தப்பலாம் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். வட்டி, செலவுக்கு உரிமையியல் வழக்கு என்ற தனி வழி இருக்கிறது.

வினைச்சொல்லும் சும்மா இருப்பதில்லை. தமிழ்க் கடிதம் என்றாலே "அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கை தானாக ஓடும். சட்டம் சொல்வது கோரிக்கை, வேண்டுகோள் இல்லை. "கேட்டுக்கொள்கிறோம்" என்று படிக்கிறவர், இன்னும் பேசிக்கொள்ள இடமிருக்கிறது என்று நினைத்துக் கெடுவைத் தவறவிடலாம். "செலுத்துமாறு இதன்மூலம் கோருகிறேன்" என்று எழுதுகிறேன். கடுமையாகத்தான் இருக்கிறது. மென்மையாக எழுதுவது அவருக்குச் செய்யும் உதவி என்று முன்பு ஒரு நண்பர் வாதாடினார். கெடு முடிந்த மறுநாள் அந்த மென்மை அவருக்கு எதற்கு உதவும்?

எதிர்த் திசையிலும் இழுப்பு உண்டு. "ஜெயிலுக்குப் போவீங்கன்னு போட்டுடுங்க, அப்பத்தான் பணம் வரும்" என்று ஒருமுறை கேட்டார்கள். சட்டத்தில் உள்ளது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த "வரை"யையும் "அல்லது"வையும் விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது மிரட்டல். மூலத்தில் தண்டனைப் பேச்சே இல்லை, "சட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும்" என்பது மட்டும்தான். அதைத்தான் எழுதினேன். வேண்டுமென்றால் ஆங்கில மூலத்தை மாற்றி, வக்கீல் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், முழு வாக்கியத்தையும் மொழிபெயர்க்கிறேன் என்றேன். மாற்றித் தரவில்லை.