மாலை ஐந்தரை மணிக் குறிப்பு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் என்பது பெரும்பாலும் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். கேள்வித்தாளை நீட்டினால் ‘எட்டு மணி நேரம்’ என்று பதில் வரும். பொய்யில்லை. ஆனால் ஐந்தரைக்கு மேல் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்தே இருந்தார்கள் என்பது அங்கே இருந்தால்தான் தெரியும். மானுடவியலில் இப்படி உடனிருந்து பார்ப்பதைப் பங்கேற்பு அவதானிப்பு என்கிறோம். கத்தரியை வாங்கிக்கொண்டு பிசிறு வெட்ட உட்காருங்கள். சும்மா நிற்பவரிடம் யாரும் பேசமாட்டார்கள்.

*

டீ நேரத்தில் துண்டுச்சீட்டில் கிறுக்கியது: ‘5.30. ஓவர்லாக் அக்கா எழவில்லை. கைமடிப் பெண் கான்ட்ராக்டரைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.’ அன்றிரவே, யாரிடமும் கதையாகச் சொல்லிவிடும் முன், இதை விரித்து எழுத வேண்டும். சொன்ன பிறகு நினைவில் நிற்பது நீங்கள் சொன்ன கதைதான்.

‘கட்டாயத்தால் ஓவர்டைம் பார்த்தார்கள்’ என்று எழுதினால் குறிப்பு கெட்டது. பார்த்தது எழாததும் ஒரு பார்வையும் மட்டுமே. கட்டாயம் என்பது உங்கள் ஊகம். அதற்குத் தனிப் பக்கம் உண்டு. அடுத்தடுத்த நாட்களில் கேட்டால் அக்காவுக்குப் பீஸ் ரேட் என்று தெரியவரலாம்: கூடுதலாகத் தைத்தால் சனிக்கிழமை கூடுதல் சம்பளம். கைமடிப் பெண்ணுக்கோ ஷிப்ட் கூலி. தைத்த பண்டல் வந்துகொண்டிருக்கும்வரை அவளால் கிளம்ப முடியாது. அருகருகே இருந்த இருவரும் வெவ்வேறு காரணத்துக்காக இருந்திருக்கிறார்கள். கட்டாயம் என்ற சொல் முதல் நாளே ஏறியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

*

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆய்வாளர் சரத் சாரி திருப்பூரில் கள ஆய்வு செய்தார்; நூல் 2004இல் வந்தது. கீழிருந்து முதலாளியான கவுண்டர்கள் பலர் தங்கள் வளர்ச்சிக்கு ‘உழைப்பு’ என்று காரணம் சொன்னார்கள். அவர் அதை அப்படியே ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. அந்தச் சொல் யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று தேடினார்.

பின்னர் இங்கே ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நேவும் கம்பெனியோடு நிற்காமல் சுற்றுக் கிராமங்களுக்கும் போனார்கள். ஓர் ஊரில் தலித்துகள் திருப்பூர் வேலைக்குப் போனார்கள். இன்னொன்றில் விசைத்தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பலரை ஊரிலேயே கட்டிவைத்திருந்தது. கம்பெனி வாசலில் மட்டும் நின்றிருந்தால், வராதவர்கள் குறிப்பில் வந்திருக்கவே மாட்டார்கள்.

*

நோட்டில் உண்மைப் பெயர்கள் வேண்டாம். யாருக்கு எந்தப் புனைபெயர் என்ற பட்டியல் வீட்டிலேயே இருக்கட்டும். சூப்பர்வைசர் கையில் நோட்டு கிடைத்தால் வேலை போவது உங்களுக்கல்ல, அந்தக் கைமடிப் பெண்ணுக்கு.