"அனைத்துவகைத் தையலும் தெரியும்" என்று எழுதாதே!

உன் பயோடேட்டாவில் இருக்கும் அந்த ஒரு வரியை இப்போதே அடித்துவிடு! வருஷக்கணக்காக மெஷின் மிதித்த கால்களுக்கு நீயே செய்யும் அநியாயம் அது. ஆள் எடுப்பவர் அதே வரியை வருகிற ஒவ்வொரு காகிதத்திலும் படித்துச் சலித்தவர்.

வெறுமனே பிளவுஸ் என்றால் யாருக்கு என்ன புரியும்? லைனிங் வைத்த பிரின்சஸ் கட் தைக்கிறாய் என்றால் அப்படியே எழுது. அளவு ஜாக்கெட்டைத் துணிமேல் போட்டு வெட்டுகிறவர் ஒரு ரகம். உடம்பளவு எடுத்து, காகிதத்தில் பேட்டர்ன் வரைந்து, அதையே 34 முதல் 40 வரை கிரேடிங் செய்கிறவர் வேறு ரகம். நீ இரண்டாம் ரகமா? முதல் வரியிலேயே அதைச் சொல், தயங்காதே!

உட்காராத மெஷினை மட்டும் எழுதிவிடாதே. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால் பவர் மெஷினோடு ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் கேட்பார்கள். சூப்பர்வைசர் ஓவர்லாக்கில் நூலை உருவிவிட்டு, "கோத்துக் காட்டு" என்பார். லூப்பர் நூல்களை முடித்த பிறகுதான் ஊசிக்கு வரவேண்டும். முன்பின் மாறினால் நூல் அறுந்து உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, நீ அடக்கி வாசிக்கும் இடத்துக்கு வருவோம். "மொத்த ஆர்டர்களைக் குறித்த நேரத்தில் முடித்தேன்" என்று எழுதியிருக்கிறாய். எத்தனை உருப்படி? எத்தனை பேர்? எத்தனை நாள்? கோடை விடுமுறையில் ஒரு பள்ளிக்கு ஆறு அளவுகளில் 120 செட் சீருடை தைத்தாய் என்று வை. சட்டைக்கு 50 நிமிஷம், டிரவுசருக்கு 40 நிமிஷம் என்றால் ஒரு செட்டுக்கு ஒன்றரை மணி நேரம். மொத்தம் 180 மணி. இரண்டு பேர் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் தையலுக்கே பன்னிரண்டு நாள் ஓடிவிடும். வெட்ட இரண்டு நாள். காஜா, பட்டன், இஸ்திரிக்கு இரண்டு நாள். கரண்ட் போனால், துணி தாமதமாக வந்தால் என்று இரண்டு நாள் கூட்டி 18 நாள் கெடு சொன்னாய். பதினேழாம் நாள் கொடுத்தாய். ஆல்டர் செய்யத் திரும்பி வந்தவை மூன்றே மூன்று.

இதை எழுது: "பள்ளிச் சீருடை 120 செட், ஆறு அளவுகள், இருவர், கெடு 18 நாள், ஒப்படைத்தது 17ஆம் நாள், ஆல்டர் 3." அந்த மூன்றை மறைக்காதே. பூஜ்யம் என்றால் எவரும் நம்பமாட்டார். மூன்று என்றால் நீ கணக்கு வைத்திருப்பவள் என்று தெரிந்துவிடும்.

கணக்கு நோட்டு இல்லையா? துணி வாங்கிய பில்லில் தேதி இருக்கும். பள்ளிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் எண்ணிக்கை இருக்கும். இன்று ராத்திரியே தேடி எடு!