காலாவதியான புரோநோட்டும் ஒரு கையெழுத்தும்

2012 ஜூனில் ஒருவர் ஒரு லட்ச ரூபாய் கடன் வாங்கி, கேட்டதும் தருவதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார். 2014 ஜனவரியில் பத்தாயிரம் கொடுத்து, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அதன்பின் பேச்சே இல்லை. 2024இல் கடன் கொடுத்தவர் வீடு தேடி வருகிறார். அவர் எதைக் கேட்கலாம்?

இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய நோட்டுக்கு வழக்குப் போடும் கெடு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. கெடுவுக்குள் வரவு எழுதிக் கையெழுத்திட்டதால், அந்த நாளிலிருந்து மீண்டும் 3 ஆண்டு கிடைத்தது. அதுவும் 2017 ஜனவரியில் தீர்ந்தது. இனி வழக்குப் போட்டால், வாங்கியவர் ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும். வழக்கின் வழிதான் அடைபட்டதே தவிர, கடன் அப்படியே நிற்கிறது. அதனால் கொடுத்தவர் நேரில் கேட்பதில் குற்றமில்லை. பெரும்பாலும் அவரும் சிறு மனிதர்தான். ஓய்வுப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூசி மௌனமாக இருந்தவராகவும் இருக்கலாம்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. இப்போது ஐயாயிரம் வாங்கி வரவு வைத்தாலும் பழைய கெடு உயிர்பெறாது. ஆனால் “பாக்கியைத் தருகிறேன்” என்று வாங்கியவர் எழுதிக் கையெழுத்திட்டால் கதையே வேறு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அந்த வாக்குறுதியை, புதிதாக ஒரு பைசா கைமாறாமலேயே செல்லத்தக்கதாக்குகிறது. வழக்குப் போட மறுபடியும் வழி திறக்கிறது. இதை அறிந்தவர், “நோட்டு நைந்துபோச்சு, கணக்குக்காக ஒரு கையெழுத்து” என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொள்வது அறமா?

பணம் உண்மையில் கைமாறியது, கொடுத்தவர் எதற்காக எதிராளிக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கெடு வைத்ததற்குக் காரணம் உண்டு. பத்து ஆண்டில் ரசீது தொலைகிறது, சாட்சி இறந்துபோகிறார், இடையில் கொடுத்ததை நிரூபிக்க வழியில்லாமல் போகிறது. அந்தப் பாதுகாப்பைத் தெரிந்து கைவிடுபவர் கொடுப்பதுதான் வாக்கு. தெரியாதவரிடம் வாங்கும் கையெழுத்து, அவர் கொடுக்காத ஒன்றைப் பறிப்பது.

வாங்கியவருக்கும் இதே அளவு கண்டிப்பு பொருந்தும். தான் திருப்பித் தரவில்லை என்று அறிந்து, கொடுக்க வசதியும் உள்ளவர் கெடுவைக் காட்டி விலகினால், நீதிமன்றத்தில் ஜெயிப்பார், கடனாளியாகவே இருப்பார். வசதியற்றவர் நிலை வேறு. அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போய் அவமானப்படுத்துவதோ, தெருவில் கூச்சலிடுவதோ கெடு முடிந்த பிறகு மட்டுமல்ல, அதற்கு முன்பும் தவறு.

நேர்மையாகக் கேட்க விரும்பும் ஒருவர், “கோர்ட்டுக்குப் போகும் காலம் முடிந்துவிட்டது. தொண்ணூறாயிரம் அசல் பாக்கி இருக்கிறது. முடிந்ததைக் கொடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் வாங்கியவர் எழுதித் தருவதாகச் சொன்னால், கெடு முடிந்தது தனக்குத் தெரியும் என்ற வரியையும் அதே தாளில் எழுதச் சொல்லலாம்.