கேரண்டிக் கடிதத்தைத் திருப்பித் தரும் கடமை

சென்னையில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வாடகையில் ஒரு கடை. பத்து மாத அட்வான்ஸ் என்றால் பத்து லட்சம். ரொக்கமாகக் கொடுத்தால் உரிமையாளர் வட்டி தருவதில்லை. ஏழு சதவீதம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு எழுபதாயிரம் ரூபாய் கண்ணுக்குத் தெரியாத வாடகையாகப் போகிறது. பேங்க் கேரண்டி என்றால், சிறு வியாபாரியிடம் வங்கி பெரும்பாலும் அதே பத்து லட்சத்தை எஃப்.டி.யாகப் போடச் சொல்லிப் பிடித்து வைக்கும். கமிஷன் இரண்டு சதவீதமானால் இருபதாயிரம் செலவு, வட்டி அவருக்கே. கணக்கில் கேரண்டிதான் நியாயமாகத் தெரிகிறது.

காலி செய்யும்போதுதான் சிக்கல். ரொக்கம் உரிமையாளரிடம் எப்போதோ செலவாகியிருக்கும். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தரட்டும்" என்பார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்பித் தந்தாக வேண்டும். அடுத்த ஆள் வருவதும் வராததும் உரிமையாளரின் தொழில் அபாயம். போகிறவர் தலையில் அதைக் கட்ட என்ன நியாயம்? இதற்குப் பயந்தே பல வியாபாரிகள் கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்தி, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் உடைந்த ஷட்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் இருந்த பிடிமானத்தை அது தின்றுவிடுகிறது.

கேரண்டியில் பலம் வேறு விதமாக உரிமையாளர் கையில் இருக்கிறது. நிபந்தனையற்ற கேரண்டி என்றால், அவர் எழுதிக் கேட்டதும் வங்கி பணம் கொடுக்கும். நியாயம் யார் பக்கம் என்று பார்க்காது. அப்பட்டமான மோசடி, ஈடுசெய்ய முடியாத இழப்பு போன்ற அரிய நிலைகளில்தான் நீதிமன்றம் தடுக்கும். நாற்பதாயிரம் ரூபாய் பெயின்ட் தகராறுக்குப் பத்து லட்சத்தையும் கேட்டு வாங்குவது சட்டத்தில் சாத்தியமாகலாம். அறத்தில் அது பறிப்பே. காட்டக்கூடிய பில் அளவுக்கு மட்டும் கேட்பதே முறை.

கேரண்டியின் தேதி முடிந்தால் எஃப்.டி. தானே விடுபடும் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி இல்லை. காலாவதிக்குப் பிறகும் உரிமை கோரும் காலம் ஒன்று உண்டு. பல வங்கிகள் அதை ஓராண்டாக வைக்கின்றன. அசல் கேரண்டிக் கடிதத்தையும் 'கோரிக்கை ஏதுமில்லை' என்ற கடிதத்தையும் உரிமையாளர் கொடுத்தால்தான் வங்கி முன்கூட்டியே விடுவிக்கும். அவருக்கு அது ஒரு தாள், ஒரு கையெழுத்து. தராமல் இழுத்தடித்தால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. வியாபாரியின் முதலோ முடங்கிக் கிடக்கும். ரொக்கத்தை வைத்துக்கொள்பவரிடம் பேராசையாவது காரணமாக இருக்கும். இதில் அலட்சியம் மட்டுமே.

ஆகவே கடிதத்தைத் திருப்பித் தரும் நாள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கடையை இருவரும் சேர்ந்து பார்த்து, சேதப் பட்டியலில் கையெழுத்திட்டு, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, சாவி வாங்கும் அன்றே கடிதத்தைக் கொடுத்துவிடலாம். இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் கரண்ட் பில் மட்டும் நிலுவையில் இருந்தால், அதற்கு மதிப்பிட்ட தொகையை ரொக்கமாக வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.