வலிக்கிற நாளும் கீறுகிற நாளும்

உடம்பில் கட்டி வராத இடமில்லை. முதுகில் வந்தால் சாய்ந்து உட்கார முடியாது, தொடையில் வந்தால் நடை கோணும். ஆனாலும் அவையெல்லாம் கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்த பிறகுதான் ஆளைப் படுத்தும். காது வாசலில் வரும் கட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. மிளகளவு இருக்கும்போதே வளர்ந்த மனிதனை அழவைத்துவிடும். பார்க்கிறவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது. வீங்காத முகம், சிவக்காத காது, அதைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் ஒரு ஆள். நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

வலி எவ்வளவோ அவ்வளவு ஆபத்து, ஆபத்து எவ்வளவோ அவ்வளவு அவசரம் என்று ஒரு கணக்கைப் பிறந்ததிலிருந்து வைத்திருக்கிறோம். பெரும்பாலும் அது நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. இந்தச் சின்னக் கட்டியிடம் மட்டும் அந்தக் கணக்கு செல்லுபடியாகாது என்பதை என் மச்சானுக்கு வந்தபோதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மச்சானுக்கு மதுரையில் ஹார்டுவேர் கடை. கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது பைக் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைவது அவருடைய நெடுநாள் பழக்கம். கண்ணை லேசாக மூடிக்கொண்டு குடைவார். அந்த நேரம் வாடிக்கையாளர் பேரம் பேசினால் பாதி விலைக்குக்கூடக் கொடுத்துவிடுவார் என்று கடைப் பையன்கள் கேலி செய்வார்கள். முதலில் ஒரு நமைச்சல்தான் வந்தது. மறுநாள் இட்லியை மெல்ல முடியவில்லை. அதற்கடுத்த இரவு அந்தப் பக்கம் தலை சாய்க்க முடியாமல், நாடித் துடிப்புக்குத் துடிப்பு காதுக்குள் விண் விண்ணென்று தெறித்தது. என் மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லையேண்ணே” என்றாள். மாமியார் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சக் கிளம்பினார். நல்லவேளை, மச்சான் காதைத் தொடவே விடவில்லை.

எண்ணெய் ஊற்றி என்ன ஆகப்போகிறது என்பது காது அமைந்திருக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விளங்கும். காதுத் துளையின் வாசலிலிருந்து செவிப்பறை வரைக்கும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதில் வெளிப்புற மூன்றில் ஒரு பங்குக்குச் சுவர் குருத்தெலும்பு. மீதி உள்பகுதிக்கு அசல் எலும்பு. முடியும் குறும்பி சுரக்கும் சுரப்பிகளும் இந்த வெளிப்பகுதியில்தான் உண்டு. கட்டி என்பது ஒரு முடியின் வேரில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. ஆகவே அது வாசலை ஒட்டித்தான் வரும். முடியில்லாத ஆழத்தில் வராது. கிருமி பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பதுதான். சாவியோ ஊக்கோ ஹேர்பின்னோ நகமோ தோலில் ஒரு கீறலைப் போட்டுவிட்டால் அதற்குக் கதவு திறந்துவிடுகிறது. ஏற்கெனவே தோலுக்கு உள்ளே போய்விட்டதை மேலே ஊற்றும் எண்ணெய் எட்டிப் பிடிக்காது.

வலிக்குக் காரணம் இடப் பற்றாக்குறை. தொடையில் தோலுக்கும் தசைக்கும் நடுவே கொழுப்பு இருக்கிறது. சீழ் சேர்ந்தால் அதை நெட்டித் தள்ளிக்கொண்டு பரந்துகொள்ளும். காது வாசலில் அந்த மெத்தை இல்லை. மெல்லிய தோல், அடியிலேயே குருத்தெலும்பை மூடிய சவ்வு, இரண்டும் இறுக ஒட்டியிருக்கின்றன. அங்கே ஒரு துளி நீர் கோத்தாலும் தோல் மத்தளத்தில் கட்டிய தோலைப் போல விறைத்துப்போகிறது. போதாததற்கு அந்தச் சின்ன இடத்துக்கு நரம்புகள் பல திசையிலிருந்து வருகின்றன. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளை ஒன்று, கழுத்திலிருந்து ஏறுவது ஒன்று, மார்புக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது இந்தக் கடைசிக் கிளையின் வேலைதான். அப்புறம், தாடையின் மூட்டு காதுத் துளைக்குச் சரியாக முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் குருத்தெலும்புச் சுவர் அசையும். மச்சானால் இட்லியை மெல்ல முடியாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கொட்டாவி விட்டதற்கே கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். வயதான அம்மா. கருவி எதையும் எடுப்பதற்கு முன்னால் காது மடலை மெல்ல மேலே இழுத்தார். மச்சான் “அய்யோ” என்றார். பிறகு காதுத் துளைக்கு முன்னால் மூடி போல நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மடலை ஒரு விரலால் அழுத்தினார். மச்சான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “சரி, வெளிக்காதுதான்” என்றார் டாக்டர். சளிபிடித்து நடுக்காதில் வரும் வலியாக இருந்தால் மடலை இழுத்தாலும் அழுத்தினாலும் பெரிதாகக் கூடாதாம். வலி எவ்வளவு என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எதைச் செய்தால் வலிக்கிறது என்றுதான் பார்த்தார்.

அதற்கடுத்து காதுக்குப் பின்னால், மடலும் மண்டையும் சேரும் மடிப்பில் விரலை ஓட்டினார். பின்சுவரில் வரும் கட்டியின் வீக்கம் சில சமயம் காதுக்குப் பின்னே பரவி மடலையே முன்னுக்குத் தள்ளிவிடும். அங்கே இருக்கும் மாஸ்டாய்டு எலும்பில் சீழ் பிடித்தாலும் வெளித்தோற்றம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் அது அறுவை சிகிச்சை வரைக்கும் போகக்கூடிய வேறு வியாதி. கட்டியின் வீக்கமென்றால் அந்த மடிப்பு நிரம்பி மறைந்துவிடும். எலும்பு நோயில் பெரும்பாலும் மடிப்பு அப்படியே நிற்கும். மச்சானுக்கு மடிப்பும் இருந்தது, பின்னால் வீக்கமும் இல்லை. காய்ச்சலும் இல்லை. துளைக்குள் விளக்கு அடித்தபோது வாசலின் கீழ்ச்சுவரில் சிவந்து பளபளவென்று ஒரு மேடு. என் மனைவி டார்ச்சில் தேடியபோது மடலை இழுத்துத் துளையை நேராக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“கீறி விட்ருங்க டாக்டர், இனி தாங்காது.”

“இன்னைக்குக் கீறினா ரத்தம்தான் வரும் தம்பி. சீழ் இன்னும் சேரலை.”

இந்த இடத்தில்தான் நம் கணக்கு தலைகீழாகிறது. கட்டி கல்லாக இறுகி, தோல் விறைத்து நிற்கும் நாட்களில்தான் வலி உச்சத்தில் இருக்கிறது. கத்தியைக் கேட்டு நோயாளி கெஞ்சுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் உள்ளே வீங்கிய திசுதான் இருக்கும். வெளியேற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. கீறினால் வலி குறையாது, கிருமி அக்கம்பக்கத்துக்குப் பரவ இன்னொரு வழிதான் கிடைக்கும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போய்க் குருத்தெலும்பைத் தொட்டுவிட்டால் விஷயம் பெரிதாகிவிடும். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்துதான் ஊட்டம் வாங்குகிறது. சீழ் சவ்வைப் பிரித்துவிட்டால் குருத்தெலும்பு அழுகிக் காது மடலே சுருங்கிப்போகக்கூடும். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கீறலாமே என்று நானும் கேட்டேன். சீழ் பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரப்பு மருந்து அங்கே சரியாகப் பிடிக்காதாம். தவிர, ஏற்கெனவே இடமில்லாமல் தவிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் திரவத்தைச் செலுத்துவதே ஒரு சித்திரவதை.

டாக்டர் ஒரு துணித் திரியைக் கறுப்பாகத் தார் வாடை அடிக்கும் மருந்தில் தோய்த்துக் காது வாசலில் மெல்லச் செருகினார். இக்தமால் கலந்த கிளிசரின். மீன் புதைபடிவங்கள் நிறைந்த பாறையிலிருந்து எடுத்த எண்ணெயில் செய்து 1880-களில் ஜெர்மன் நாட்டு மருத்துவர்கள் பரப்பிய பழைய சரக்கு. கிளிசரின் வீக்கத்தின் நீரை இழுத்துக்கொள்ளும். தினமும் திரியை மாற்ற வேண்டும். வலி மாத்திரையை, வலி வந்த பிறகு தேடாமல் மணிக்கணக்கு வைத்துப் போடச் சொன்னார். வெளியிலிருந்து வெதுவெதுப்பான துணி ஒத்தடம். ஆன்டிபயாடிக் மாத்திரை எல்லோருக்கும் வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தாலோ, சிவப்பு மடலுக்கும் கன்னத்துக்கும் பரவினாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோதான் கட்டாயம் என்றார்.

அடுத்த தடவை போனபோது மச்சானின் முகமே மாறியிருந்தது. இன்னும் வலித்தது, ஆனால் அந்தக் குத்துத் தெறிப்பு இல்லை. மேட்டின் நடுவே வெளிர் மஞ்சளாக ஒரு புள்ளி. நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டபோது மேடு அமுங்கியது. டாக்டர் எதிர்பார்த்தது இந்த இரண்டையும்தான்: புள்ளியும், அமுங்கலும். புள்ளியின் மேல் தோல் மெலிந்து பாதி செத்திருக்கும், ஆகவே மருத்துவமனை ஊசியின் நுனியால் ஒரு குத்துப் போதும். மச்சான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார். “முடிஞ்சுது” என்று டாக்டர் சொன்னதற்கு “இனிமேதானே?” என்றார். இரண்டு துளிச் சீழ், ஒரு துளி ரத்தம். வெளியே வந்ததும், “மாப்ள, முதல்ல எங்கயாவது தோசை” என்றார். தானாகவே உடைந்துகொள்ளும் கட்டிகளும் நிறைய உண்டு; காலையில் தலையணையில் கறை, காதில் நிம்மதி என்று அவை முடிந்துவிடும். புள்ளி கண்டும் உடையாமல் வலி நீடித்தாலோ, வீக்கம் துளையை அடைத்துவிட்டாலோதான் டாக்டரின் ஊசி.

சீழை வெளியேற்றிய பிறகு டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். மச்சானுக்கு இயல்பாகத்தான் இருந்தது. கட்டி திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் ரத்தச் சர்க்கரையையும், மூக்கில் அந்தக் கிருமி குடியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்களாம். மூக்கில் இருந்தால் அங்கே தடவக் களிம்பு தருவார்கள். காதுக்கு வைத்தியம் மூக்கில் ஆரம்பிப்பது வேடிக்கைதான்.

சர்க்கரையைக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் அவர் சொன்னார். வயதான சர்க்கரை நோயாளி ஒருவர் வாரக்கணக்கில் காது வலி என்று வருவார். வாசலில் மேடு எதுவும் இருக்காது. வலி ஆழத்தில் இருக்கும், இரவில் கூடும், காது லேசாகக் கசியும். சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்தும் போகும். அது முடி வேரில் வந்த கட்டியல்ல. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி, குருத்தெலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் நுழைந்து மண்டையெலும்பின் அடிப்பாகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அங்கே புள்ளி விடும் என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருந்தால் நாள்தான் வீணாகும். ஊசியால் குத்தி வெளியேற்றச் சீழ்மேடும் இருக்காது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வாரக்கணக்கில் மருந்து கொடுத்துத்தான் ஆற்ற வேண்டும். அப்படிப்பட்டவர்கள் வலி தாங்குகிறதா இல்லையா என்று பார்க்காமல் அன்றைக்கே வரவேண்டும் என்றார்.