ரேட் லிஸ்ட் இல்லாத போன்

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர் அவர். ஆறு வருடம் பழகிய பர்சேஸ் மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்பது டெம்போ டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் எழுதினார்: "வாழ்த்துகள் சார். அங்கேயும் நம்ம பெட்டி கொடுக்கலாமுங்களா?" கூடவே ரேட் லிஸ்டும் போனது. டிக் நீலமானது, பதில் வரவில்லை.

மனிதர் மாறிவிட்டார் என்று வருந்தினார். மாறியது மனிதரின் நிலைமை. பர்சேஸில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில மாதங்கள் எல்லோரும் கவனிப்பார்கள். வந்தவுடன் பழைய சப்ளையரை உள்ளே விட்டால், 'இதில் இவருக்கு என்ன கிடைக்கிறது?' என்ற சந்தேகம் எழும். முன்பே கொடுத்த ஆர்டர்களும் முடிய வேண்டும். சில பையர்கள் பெட்டியை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். அங்கே மேனேஜர் நினைத்தாலும் மாற்ற முடியாது. இந்த நேரத்தில் போன ரேட் லிஸ்ட், வாழ்த்தையே விழுங்கிவிட்டது.

விட்டுப்போன பழக்கம் வீணாவதில்லை. டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் பேசாத பழைய தொடர்புகளிடம் வேலை பற்றி யோசனை கேட்கும்படி நிர்வாகிகளிடம் சொன்னார்கள். இப்போது பழகுபவர்கள் சொல்லாத புது விஷயங்கள் அங்கே கிடைத்தன. நெருங்கிப் பழகியவர்களிடம் பழைய நம்பிக்கையும் மிச்சமிருந்தது. ஆனால் அந்த நிர்வாகிகள் யோசனைதான் கேட்டார்கள், எதையும் விற்கப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து பெட்டிக்காரர் மேனேஜருக்குப் போன் செய்தார். "அன்னைக்கு அவசரப்பட்டுட்டேனுங்க சார், மனசுல வச்சுக்காதீங்க. புது இடம் பழகிடுச்சுங்களா?" மறுமுனையில் சிரிப்பு. பெட்டியில் ஷிப்பிங் மார்க் தப்பாக அச்சாகி, இருவரும் ராத்திரி இரண்டு மணிவரை ஸ்டிக்கர் ஒட்டிய கதை வந்தது. வியாபாரப் பேச்சு வரவில்லை.

மழைக்காலத்தில் மேனேஜரே கூப்பிட்டார். அடுக்கிய பெட்டிகளில் கீழ்வரிசை நசுங்குகிறதாம். ஒரு பெட்டி எத்தனை கிலோ, எத்தனை அடுக்கு, வெறும் தரையிலா என்று இவர் விசாரித்தார். ஏழு பிளைக்கு மாறி செலவை ஏற்றும்முன், பேலட் மேல் வைத்து, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கிப் பார்க்கச் சொன்னார். பேச்சு முடியும்போது, "ஒரு சாம்பிளும் கொண்டு வாங்க" என்றார் மேனேஜர்.

ஆர்டரை மனதில் வைத்து நலம் விசாரிப்பது நடிப்பு ஆகாதா? இந்தக் கேள்வி அவரை உறுத்தியது. அதனால் இப்போது ஒவ்வொருவரையும் கூப்பிடும்முன் யோசிக்கிறார்: இவரிடமிருந்து ஆர்டரே வராது என்று தெரிந்தாலும் கூப்பிடுவேனா? இல்லை என்று தோன்றினால், குடும்பத்தை விசாரிப்பதில்லை. வந்த விஷயத்தை இரண்டு வரியில் நேராக எழுதிவிடுகிறார்.

போன வாரம் ஓய்வுபெற்ற ஒரு மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டார். பேச்சு இருபது நிமிடம் நீண்டது.